முரண்படும் இரண்டு ஆய்வுகளை ஒரே பத்தியில் எழுதுவது எப்படி?

கேள்வி: "இலக்கிய மீளாய்வு எழுதிட்டு இருக்கேன். ஒரே கேள்விக்கு ஒரு ஆய்வு ஆமாம்னு சொல்லுது, இன்னொண்ணு நேர்மாறா சொல்லுது. ரெண்டையும் சுருக்கி எழுதிட்டு, 'முடிவுகள் முரண்படுகின்றன, மேலும் ஆய்வு தேவை'ன்னு முடிச்சேன். 'ஏன் முரண்படுதுன்னு எழுது'ன்னு கைடு திருப்பி அனுப்பிட்டார். அந்தக் காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதை ஒரே பத்தியில எப்படி எழுதறது?"

நான் நோய்ப்பரவலியல் படித்தவன். பல ஆண்டுகளாக மாணவர்களின் மீளாய்வு அத்தியாயங்களைப் படித்துத் திருத்தி வருகிறேன். நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை முறை அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அதை எழுதியவர்கள் எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள்தான். இரண்டு கட்டுரைகளின் சுருக்கத்தையும் முடிவுரையையும் கருத்தாகப் படித்திருப்பார்கள். ஆனால் காரணம் அந்த இரண்டு இடங்களிலும் கிடைக்காது, ஆய்வுமுறைப் பகுதியில்தான் கிடைக்கும். அதனால் எழுதும் வழியைச் சொல்வதற்கு முன் தேடும் வழியைச் சொல்கிறேன். ஒரே ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பிடித்துக்கொண்டு போவோம்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு ஆய்வுகளும் உண்மையிலேயே முரண்படுகின்றனவா என்று பாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு மருந்தைப் பற்றிய முதல் ஆய்வில் இடர் விகிதம் 0.76, நம்பிக்கை இடைவெளி 0.60 முதல் 0.96 வரை. இரண்டாம் ஆய்வில் விகிதம் 0.80, இடைவெளி 0.55 முதல் 1.16 வரை. விகிதம் 1 என்றால் மருந்தால் வித்தியாசமே இல்லை என்று பொருள். முதல் இடைவெளி 1-ஐத் தொடவில்லை, அதனால் அந்தக் கட்டுரை "பலன் உண்டு" என்று முடிக்கும். இரண்டாவது 1-ஐத் தாண்டிப் போகிறது, அதனால் அது "பலன் நிறுவப்படவில்லை" என்று முடிக்கும். முடிவுரையை மட்டும் படித்தால் இது மோதல் போலத் தெரியும். எண்களைப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவைத்தான் சொல்கின்றன. இரண்டாவது ஆய்வு கொஞ்சம் மங்கலாகச் சொல்கிறது, அவ்வளவுதான். இங்கே விளக்க வேண்டிய முரண்பாடே கிடையாது. என் மேசைக்கு வரும் "முரண்பாடு"களில் கணிசமானவை இந்த ரகம்தான். உங்களுடையதும் இப்படி என்றால், பத்தியில் அதையே சொல்லுங்கள்: இரு ஆய்வுகளின் மதிப்பீடுகளும் நெருக்கமானவை, துல்லியத்தில்தான் வேறுபடுகின்றன என்று.

உங்களுடையது அப்படியில்லை, நிஜமான மோதல்தான் என்று வைத்துக்கொள்வோம். நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுக்கப்படும் ஹார்மோன் மாத்திரையும் இதயத் தமனி நோயும். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான முரண்பாடுகளில் "இதனால் இருக்கலாம்" என்று ஊகிப்பதோடு கதை முடிந்துவிடும். இதில் அந்த ஊகங்களை ஆய்வாளர்களே ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எது நின்றது, எது விழுந்தது என்று நம்மால் பார்க்க முடியும்.

முதல் ஆய்வு நர்ஸஸ் ஹெல்த் ஸ்டடி. 1976-இல் அமெரிக்காவில் 30 முதல் 55 வயதுக்குட்பட்ட 121,700 செவிலியர்களோடு தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தபாலில் ஒரு வினாப்படிவம் போகும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், என்ன நோய் வந்தது என்று எழுதி அனுப்புவார்கள். யாருக்கும் யாரும் மாத்திரை கொடுக்கவில்லை. அவரவர் தம் மருத்துவரோடு பேசி எடுத்த முடிவுதான். 2000-இல் வெளியான அறிக்கை, மாதவிடாய் நின்ற 70,533 பேரை 1976 முதல் 1996 வரை பின்தொடர்ந்த கணக்கைத் தருகிறது. ஹார்மோன் மாத்திரையை அப்போது எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒருபோதும் எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், இதயத் தமனி நோயின் விகிதம் 0.61, இடைவெளி 0.52 முதல் 0.71 வரை. ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைவு.

இரண்டாவது, விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் நடத்திய சோதனை. கருப்பை உள்ள, 50 முதல் 79 வயதுக்குட்பட்ட 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மறு குழுவுக்குப் போலி மாத்திரை என்று கொடுத்தார்கள். எட்டரை ஆண்டு நடத்தத் திட்டம். சராசரியாக 5.2 ஆண்டு ஆனபோது, பயனைவிடத் தீங்கு மிகுதி என்று 2002-இல் நிறுத்திவிட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வந்த அறிக்கையில் இதயத் தமனி நோயின் விகிதம் 1.29, இடைவெளி 1.02 முதல் 1.63 வரை. வேறு மாதிரிச் சொன்னால், 10,000 பெண்களை ஓராண்டு கவனித்தால் போலி மாத்திரைக் குழுவில் 30 பேருக்கும் ஹார்மோன் குழுவில் 37 பேருக்கும் நோய் வந்தது.

இரண்டு இடைவெளிகளும் எங்கேயும் ஒன்றையொன்று தொடவில்லை. 1-க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இது நிஜமான மோதல்.

இப்போது ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ஒரு ஆய்வு, வலப்பக்கம் மற்றது என்று எழுதுங்கள். நான் ஐந்து கேள்விகளோடு நிறுத்திக்கொள்வேன்: யாரை ஆராய்ந்தார்கள், என்ன கொடுத்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள், எந்த நாளிலிருந்து எண்ணினார்கள், எதை விளைவு என்று கணக்கில் எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் விடையைக் கட்டுரையின் ஆய்வுமுறைப் பகுதியிலிருந்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுத வேண்டாம். நான்காவது கேள்விக்கு விடை எழுத மாணவர்கள் எப்போதும் தடுமாறுவார்கள், ஏனென்றால் பல கட்டுரைகளில் அது இரண்டு மூன்று பத்திகளில் சிதறிக் கிடக்கும். இந்த எடுத்துக்காட்டில் விஷயமே அங்கேதான் இருக்கிறது, அதனால் அதற்குப் பிறகு வருகிறேன்.

தாள் நிரம்பியதும் வேறுபாடுகள் நிறையத் தெரியும். வயது வேறு, மாத்திரை வேறு, ஆண்டு வேறு, ஆட்களின் எண்ணிக்கை வேறு. இங்கே வரும் பெரிய தவறு, கண்ணில் பட்ட எல்லா வேறுபாட்டையும் காரணமாக அடுக்கிவிடுவது. "மாதிரி அளவு, வயது, ஆய்வு வடிவமைப்பு, காலம் ஆகியவற்றின் வேறுபாட்டால் முடிவுகள் மாறியிருக்கலாம்" என்ற வாக்கியத்தை எந்த இரண்டு ஆய்வுக்கும் கீழே ஒட்டிவிடலாம். வேறுபாடு என்பது வேறு, காரணம் என்பது வேறு. ஒரு வேறுபாடு காரணமாக நிற்க வேண்டுமானால், அது முடிவைச் சரியான திசையில் தள்ள வேண்டும். அதோடு, அது மட்டும் மாறினால் முடிவு மாறுகிறதா என்று யாராவது பார்த்திருந்தால் இன்னும் நல்லது.

மாதிரி அளவை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதாயிரம் ஒரு பக்கம், பதினாறாயிரம் ஒரு பக்கம். உடனே "மாதிரி அளவு வேறு" என்று எழுதத் தோன்றும். ஆனால் சிறிய மாதிரி செய்வது இடைவெளியை அகலமாக்குவதுதான். விகிதத்தை 0.61-இலிருந்து 1.29-க்குத் தூக்கிக்கொண்டு போகும் வேலையை அது தனியாகச் செய்யாது. அடித்துவிடலாம்.

அடுத்து மாத்திரை. செவிலியர் ஆய்வில் பலர் எடுத்தது ஈஸ்ட்ரோஜன் மட்டும். 2002-இல் நிறுத்தப்பட்ட சோதனையில் கொடுத்தது இரண்டும் சேர்ந்தது. புரோஜெஸ்டின்தான் கெடுத்துவிட்டது என்று சொல்லலாமா? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செவிலியர் ஆய்வின் 1996 அறிக்கையில் இரண்டும் சேர்த்து எடுத்தவர்களைத் தனியாகப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கும் விகிதம் 0.39 என்று குறைவாகவே இருந்தது. மறுபக்கம், கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இணைச் சோதனையின் முடிவு 2004-இல் வந்தது: விகிதம் 0.91, இடைவெளி 0.75 முதல் 1.12 வரை. தீங்கு காணவில்லை என்பது உண்மை. ஆனால் செவிலியர் ஆய்வு காட்டிய பெரிய பாதுகாப்பும் காணவில்லை. ஆக, மாத்திரையின் வகை கொஞ்சம் விளக்கலாம், முழு வேறுபாட்டையும் விளக்காது.

மூன்றாவது, எல்லோருக்கும் முதலில் தோன்றும் காரணம்: தாமாக மாத்திரை எடுப்பவர்கள் பொதுவாகவே ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர்கள், வசதியும் மருத்துவரும் உள்ளவர்கள். அவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்ததற்கு மாத்திரை காரணமில்லை, அவர்கள் வாழ்ந்த விதமே காரணம். குலுக்கல் முறை இதைத் துடைத்துவிடுகிறது. 2002-க்குப் பிறகு பலர் இந்த ஒரு விளக்கத்தோடு கோப்பை மூடிவிட்டார்கள். மாணவர்களும் "குலுக்கல் சோதனையே உயர்ந்தது, எனவே அதுவே சரி" என்று ஒரு வரியில் முடிக்கிறார்கள். நான் இதை முழுதாக ஏற்கமாட்டேன், காரணம் பக்கவாதம். ஆரோக்கியமான வாழ்க்கைதான் மாத்திரைக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது என்றால், பக்கவாதத்திலும் அதே பாதுகாப்பு தெரிய வேண்டும். தெரியவில்லை. செவிலியர் ஆய்வில் இரண்டும் சேர்த்து எடுத்தவர்களுக்குப் பக்கவாதத்தின் விகிதம் 1.45, குலுக்கல் சோதனையில் 1.41. கிட்டத்தட்ட ஒரே எண். ஒரு விளைவில் கைகோத்துப் போகும் இரண்டு ஆய்வுகள் மற்றொன்றில் மட்டும் எதிரெதிராகப் போகின்றன என்றால், "ஒன்று மோசமான ஆய்வு" என்ற விளக்கம் போதாது. வாழ்க்கைமுறையின் பங்கு கொஞ்சம் இருக்கக்கூடும்; அதுவே முழுக்கதை என்று எழுத ஆதாரம் போதாது.

இந்த உத்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றத் துறைகளிலும் உதவும்: ஒரு காரணத்தைச் சொன்னால், அந்தக் காரணம் உண்மையானால் வேறெங்கே அதன் தடம் தெரிய வேண்டும் என்று கேட்டு, அங்கே போய்ப் பாருங்கள்.

இப்போது அந்த நான்காவது கேள்வி. குலுக்கல் சோதனையில் எண்ணிக்கை, ஒவ்வொரு பெண்ணுக்கும் குலுக்கிய நாளிலிருந்து தொடங்கியது. முதல் மாத்திரை போட்ட பிறகு வந்த முதல் மாரடைப்பும் கணக்கில் உண்டு. செவிலியர் ஆய்வின் வழக்கமான கணக்கில் "எடுப்பவர்" என்றால், வினாப்படிவம் நிரப்பும்போது எடுத்துக்கொண்டிருப்பவர். ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதம் வந்த படிவத்தில் "எடுக்கவில்லை" என்று எழுதுகிறார். செப்டம்பரில் மாத்திரை தொடங்குகிறார். அடுத்த மார்ச்சில் மாரடைப்பு வருகிறது. கடைசியாக நிரப்பிய படிவத்தின்படி அவர் எடுக்காதவர், அந்த மாரடைப்பும் எடுக்காதவர் கணக்கிலேயே விழுகிறது. மாத்திரை தொடங்கி ஒன்றும் ஆகாமல் அடுத்த படிவம் வரை வந்தவர்தான் "எடுப்பவர்" என்று பெயர் வாங்குகிறார். ஆக, தொடக்கத்தில் ஆபத்து கூடுதலாக இருந்தால், இந்த முறைக்கு அது சரியாகக் கண்ணில் படாது.

தொடக்கத்தில் ஆபத்து கூடுதலாக இருந்ததா? குலுக்கல் சோதனையின் 2003 அறிக்கை ஆண்டுவாரியாகப் பிரித்துக் காட்டுகிறது: முதல் ஆண்டில் மட்டும் விகிதம் 1.81. திசை பொருந்துகிறது.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். மிகேல் ஹெர்னானும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் செவிலியர் ஆய்வின் அதே தரவை எடுத்து, அதைக் குலுக்கல் சோதனையைப் போலவே அலசினார்கள். ஒவ்வொரு இரண்டாண்டுப் படிவத்தையும் ஒரு புதிய சோதனையின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, முந்தைய இரண்டு ஆண்டுகளில் எடுக்காமலிருந்து புதிதாகத் தொடங்கியவர்களையும் தொடங்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். பிறகு யார் நிறுத்தினாலும் சரி, தொடங்கியவரைத் தொடங்கியவராகவே எண்ணினார்கள். முன்பு 0.61 என்று நின்ற பாதுகாப்பு, முழுக் காலத்துக்கும் 0.96 ஆகிவிட்டது, இடைவெளி 0.78 முதல் 1.18 வரை. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 1.42, இடைவெளி 0.92 முதல் 2.20 வரை. பெண்கள் அதே பெண்கள், வாழ்க்கைமுறை அதே வாழ்க்கைமுறை. முக்கியமாக மாறியது எண்ணும் விதம். முதல்முறை இதைப் படித்தபோது நான் கட்டுரையை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆய்வுமுறைப் பகுதியில் ஒரு வரி இத்தனை பெரிய வேலையைச் செய்யும் என்று அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

கடைசியாக, மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டு கழித்துத் தொடங்கினார்கள் என்பது. செவிலியர்களில் பெரும்பாலோர் நின்ற சில ஆண்டுகளுக்குள் தொடங்கியவர்கள். குலுக்கல் சோதனையில் சேர்ந்தபோது சராசரி வயதே 63. விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவின் இரு சோதனைகளையும் சேர்த்து 2007-இல் பிரித்துப் பார்த்தபோது, நின்று 10 ஆண்டுக்குள் இருந்தவர்களுக்கு விகிதம் 0.76, 10 முதல் 19 ஆண்டு ஆனவர்களுக்கு 1.10, 20 ஆண்டு தாண்டியவர்களுக்கு 1.28. படிப்படியாக ஏறுகிறது. ஆனால் முதல் எண்ணின் இடைவெளி 0.50 முதல் 1.16 வரை போகிறது, 1 அதற்குள்ளேயே இருக்கிறது. ஹெர்னானின் மறு அலசலிலும் இதே சாயல்: 10 ஆண்டுக்குள் 0.84, மற்றவர்களுக்கு 1.12, இரண்டின் இடைவெளியும் 1-ஐ உள்ளடக்கியவை. அதனால் இந்தக் காரணத்தை நான் "ஒத்துப்போகிறது" என்ற சொல்லோடு எழுதுவேன், "நிறுவப்பட்டது" என்று எழுதமாட்டேன்.

பார்த்தீர்களா, பத்தி இன்னும் தொடங்கவில்லை, ஆனால் என்ன எழுத வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"மாதவிடாய் நின்ற பெண்களின் இதயத் தமனி நோயை ஹார்மோன் மாத்திரை குறைக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டு பெரிய அமெரிக்க ஆய்வுகள் எதிரெதிரான விடை தந்தன, அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி, மாத்திரை தொடங்கிய பின் வரும் முதல் மாதங்களை அவை எண்ணிய விதத்திலிருந்து வருகிறது. நர்ஸஸ் ஹெல்த் ஸ்டடியில், 1976 முதல் 1996 வரை, மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்நோய் குறைவாக இருந்தது (விகிதம் 0.61, 0.52–0.71). குலுக்கல் முறையில் நடந்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் சோதனையில், 2002 அறிக்கையின்படி, அதே நோய் மிகுதியாக இருந்தது (1.29; 1.02–1.63). பின்னது குலுக்கிய நாளிலிருந்து எண்ணியது. முன்னது வினாப்படிவத்தின்போது ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களையே எடுப்பவர்களாகக் கொண்டது, எனவே தொடங்கிய புதிதில் வந்த நிகழ்வுகளில் ஒரு பகுதி எடுக்காதவர் கணக்கில் சேர்ந்தது. செவிலியர் தரவைக் குலுக்கல் சோதனையைப் போல 2008-இல் மறுபடி அலசியபோது பாதுகாப்பு ஏறத்தாழ மறைந்தது (0.96, 0.78–1.18). மாதவிடாய் நின்று நெடுநாள் கழித்துத் தொடங்கியவர்கள் குலுக்கல் சோதனையில் மிகுதி என்பதும் பங்களித்திருக்கக்கூடும். அதற்கான துணைக்குழு மதிப்பீடுகள் அந்தத் திசையைக் காட்டினாலும் துல்லியமானவை அல்ல. எடுப்பவர்களின் ஆரோக்கியமான வாழ்க்கைமுறை மட்டும் முழு வேறுபாட்டையும் விளக்காது, ஏனெனில் பக்கவாதத்தைப் பொறுத்தவரை இரு ஆய்வுகளும் ஏறத்தாழ ஒரே அளவு கூடுதல் இடரைக் கண்டன."

இதில் சில இடங்களைக் கவனியுங்கள். முதல் வாக்கியத்திலேயே காரணம் வந்துவிட்டது. மாணவர்கள் வழக்கமாக முதல் ஆய்வுக்கு நாலு வரி, இரண்டாவதுக்கு நாலு வரி எழுதி, கடைசியில் காரணத்தை ஒரு வரியில் ஒட்டுவார்கள். படிப்பவர் எட்டு வரி முழுக்க, இந்தத் தகவலையெல்லாம் எதற்காகச் சுமக்கிறோம் என்று தெரியாமலே நடப்பார். காரணம் முதலில் வந்தால், ஆய்வைப் பற்றி எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்பதும் தானாகத் தீர்ந்துவிடும். மேலே உள்ள பத்தியில் 121,700 என்ற எண் இல்லை, மாத்திரையின் சேர்க்கை இல்லை, சோதனையைப் பாதியில் நிறுத்தியதும் இல்லை. அவை சுவையான தகவல்கள்தான், ஆனால் இந்தக் காரணத்துக்கு அவை வேலை செய்யவில்லை.

இரண்டு முடிவுகளும் ஒரே அச்சில் வந்திருக்கின்றன: அதே நோய், அதே வகை விகிதம், அதே வடிவில் இடைவெளி. ஒன்றைச் சதவீதத்திலும் மற்றொன்றை "குறிப்பிடத்தக்க உயர்வு" என்றும் எழுதினால் படிப்பவரால் ஒப்பிடவே முடியாது. மூலக் கட்டுரைகள் வேறு வேறு அளவீட்டில் தந்திருந்தால், மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் முடியவில்லை என்று எழுதுங்கள். அதேபோல, "2002 அறிக்கையின்படி" என்ற இரண்டு சொல் சும்மா வரவில்லை. அந்தச் சோதனையின் இறுதிக் கணக்கு 2003-இல் வந்தபோது விகிதம் 1.24 என்று சற்று இறங்கியது, இடைவெளியும் 1.00-இலிருந்து தொடங்கியது. எதை எடுத்தாலும் தவறில்லை, எதை எடுத்தீர்கள் என்று சொல்ல வேண்டும்.

வினைச்சொற்களையும் பாருங்கள். "கண்டன", "மறைந்தது" என்பவை அளந்து பார்த்தவற்றுக்கு. "பங்களித்திருக்கக்கூடும்" என்பது சாயல் மட்டும் உள்ளதற்கு. ஒரே பத்திக்குள் இந்த இரண்டு குரலும் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் "இருக்கலாம்" போட்டால், சோதித்த காரணமும் சோதிக்காத காரணமும் ஒரே எடையில் தெரியும். உங்கள் கைடு முதலில் தேடப்போவது அந்த வித்தியாசத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் தலைப்பில் ஹெர்னான் செய்தது போல யாரும் மறு அலசல் செய்திருக்கவில்லை என்றால்? பெரும்பாலும் அதுதான் நிலைமை. அப்போதும் தாளில் கோடு போடுங்கள், அதே ஐந்து கேள்வியைக் கேளுங்கள். திசை பொருந்தாதவற்றை அடியுங்கள். மிஞ்சும் ஒன்று அல்லது இரண்டை எடுத்துக்கொண்டு, கட்டுரைகளின் துணைக்குழு அட்டவணைகளையும் பிற்சேர்க்கைகளையும் தேடுங்கள். ஒரு ஆய்வுக்குள்ளேயே, மற்ற ஆய்வின் ஆட்களைப் போன்ற ஒரு பகுதி இருக்கும். அந்தப் பகுதியில் முடிவு மற்ற ஆய்வின் பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் உங்கள் காரணத்துக்குக் கொஞ்சம் பலம். சாயாவிட்டால் அதையும் எழுதுங்கள். துணைக்குழு முடிவுகள் எளிதில் ஏமாற்றும் என்பதை மறக்க வேண்டாம். பத்து வகையாகப் பிரித்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே நமக்குப் பிடித்த மாதிரி வரும். அதனால் எந்தப் பிரிவைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பார்க்கும் முன்பே தாளில் எழுதிவையுங்கள்.

நான் சொன்னது எல்லாம் எண்களில் முடிவு தரும் ஆய்வுகளுக்கு. நேர்காணல், களப்பணி சார்ந்த ஆய்வுகள் மோதினால், அவற்றுக்கு இடைவெளி, விகிதம் எதுவும் கிடையாது. அங்கே "யாரிடம் கேட்டார்கள், யார் கேட்டார்கள், எந்தச் சொல்லால் கேட்டார்கள்" என்ற கேள்விகள்தான் முன்னுக்கு வரும். அந்த மரபில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் கேட்பது நல்லது.

அப்புறம் அந்த "மேலும் ஆய்வு தேவை". அந்த வரி வேண்டும் என்றால், எந்த ஆய்வு தேவை என்று எழுதுங்கள். மேலே உள்ள பத்தியின் முடிவில் நான் சேர்ப்பதாக இருந்தால் இப்படிச் சேர்ப்பேன்: "மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளுக்குள் உள்ள பெண்களை மட்டும் குலுக்கல் முறையில் பிரித்து, தொடங்கிய நாளிலிருந்து மாரடைப்புகளை எண்ணும் சோதனையே காலம் பற்றிய இந்தக் கேள்வியைத் தீர்க்கும், ஆனால் அந்த வயதில் மாரடைப்பு அரிதென்பதால் அதற்கு மிகப் பெரிய எண்ணிக்கையில் பெண்கள் தேவைப்படுவர்." உங்கள் இரண்டு கட்டுரைகளின் தலைப்பையும், அந்த ஐந்து கேள்விகளுக்கு நீங்கள் எழுதும் விடைகளையும் இங்கே போடுங்கள், எந்தக் காரணம் நிற்கும் என்று சேர்ந்து பார்க்கலாம்.